நேற்றைய பிரெட்டை பாதி விலைக்கு விற்றால் பேக்கரிக்கு லாபமா, நஷ்டமா?

இந்தப் பதிவு ஒரு பேக்கரி கணக்கைப் பற்றியது. "நான் மாதச் சம்பளக்காரன், எனக்கு எதுக்கு இது?" என்று கேட்கலாம். இந்தக் கணக்கை என்னிடம் கொண்டு வந்தவரும் உங்களைப் போல ஒரு மாதச் சம்பளக்காரர்தான். சென்னையில் ஐடி வேலை. அப்பா கோயம்புத்தூர் பக்கம் பேக்கரி நடத்துகிறார். கடை வாடகைக்குப் பணம் பத்தவில்லை என்று மூன்று மாதமாக இவர் தன் சம்பளத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். "சார், முன்னாடி தினமும் பிரெட் மிஞ்சும், தூக்கிப் போடுவோம். நான்தான் அப்பாகிட்ட சொல்லி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பாதி விலைன்னு போர்டு வெச்சேன். இப்போ ஒரு பிரெட்கூட மிஞ்சறதில்லை. கடையில கூட்டம் வேற. ஆனா கையில காசு நிக்கலையே, ஏன்?"

பில்லிங் மெஷின் ரிப்போர்ட்டை வாங்கி, 400 கிராம் பிரெட்டை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தேன். எளிதாகப் புரிய நம்பர்களைக் கொஞ்சம் ரவுண்ட் பண்ணியிருக்கேன்.

வேஸ்ட் இல்லை, ஆனால் லாபமும் இல்லை

ஒரு பிரெட்டின் விலை 50 ரூபாய். மைதா, ஈஸ்ட், எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேர்த்து ஒரு பிரெட்டுக்கு ஆகும் செலவு 22 ரூபாய். தினமும் 100 பிரெட் போடுகிறார்கள்.

ஆஃபருக்கு முன்பு 85 பிரெட் முழு விலைக்குப் போனது. 15 வீண். வரவு 4,250 ரூபாய். செலவு 2,200 போக, மிச்சம் 2,050.

ஆஃபர் வந்த பிறகு 100-ம் விற்றது. ஆனால் முழு விலைக்குப் போனது 60 மட்டும். மீதி 40-ம் பாதி விலையில், அதாவது 25 ரூபாய்க்குப் போனது. வரவு 3,000 + 1,000 = 4,000. செலவு அதே 2,200. மிச்சம் 1,800.

தினமும் 250 ரூபாய் குறைவு. மாதத்துக்கு 7,500. இது பிரெட்டில் மட்டும். கேக்குக்கும் பன்னுக்கும் இதே போர்டுதான்!

நடந்தது இதுதான். ஆஃபரால் புதுசா வந்தவர்கள் 15 பேர். ஆனால் ஏற்கெனவே ஐந்து, ஆறு மணிக்கு முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த 25 பேர் ஏழு மணி வரை காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதே பிரெட், அதே கடை, ஒரு மணி நேரம் பொறுத்தால் பாதி விலை. நான்கூட அதைத்தான் செய்வேன்.

மனசில் வைக்க வேண்டிய ஒரே கணக்கு

மிஞ்சப் போகிற பிரெட்டுக்கு ஆன செலவு ஏற்கெனவே போய்விட்டது. அதனால் புதுசா ஒருத்தர் வந்து அதை வாங்கினால், அவர் கொடுக்கும் தள்ளுபடி விலை முழுவதும் லாபம். ஆனால் முழு விலை கொடுத்திருக்க வேண்டியவர் அதையே வாங்கினால், நீங்கள் குறைத்த தொகை முழுவதும் நஷ்டம்.

பாதி விலை என்றால், புது ஆள் தருவது 25 ரூபாய், மாறிப்போனவரால் போவதும் 25 ரூபாய். ஒரு புது ஆளுக்கு ஒருத்தர் மாறினாலே சரிக்குச் சரி. அதுக்கு மேல் மாறினால் கைக்காசு போகும். இங்கே 15 பேர் புதுசு, 25 பேர் மாறினார்கள். கூடுதலாக மாறிய 10 பேர் × 25 ரூபாய் = அந்த 250 ரூபாய்.

இதையே 30% மட்டும் குறைத்து 35 ரூபாய்க்கு விற்றால்? புது ஆள் 35 தருகிறார், மாறியவரால் போவது 15 தான். ஒரு புது ஆள், மாறிய இரண்டு பேரைத் தாங்குவார். அதனால்தான் "எவ்வளவு பெரிய டிஸ்கவுண்ட்?" என்பது முக்கியமான முடிவு. பழைய பிரெட்டை நகர்த்த 30% போதும் என்றால் 50% கொடுப்பது தானம்.

பழைய பிரெட்டுக்கும் புது பிரெட்டுக்கும் நடுவில் ஒரு வேலி வேண்டும்

விலையை மட்டும் சரிசெய்தால் போதாது. முழு விலைக்காரர்கள் இந்தப் பக்கம் தாண்டி வராத மாதிரி ஒரு வேலி போட வேண்டும். நாங்கள் மூன்று மாற்றம் செய்தோம்.

முதலாவது, நேரம். நம்ம ஊர் பேக்கரியில் கூட்டம் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை. அந்த நேரத்தை ஒட்டி ஆஃபர் வைப்பது, நல்ல வாடிக்கையாளரிடமே "காத்திருங்க" என்று சொல்வது மாதிரி. அதை நிறுத்திவிட்டு, மிஞ்சியதை மறுநாள் காலை ஏழு முதல் பத்து மணி வரை விற்கச் சொன்னேன். சாயங்காலம் டீ நேரத்துக்கு பிரெட் தேடுகிறவர் மறுநாள் காலை வரை காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது, இடமும் பெயரும். புது பிரெட் இருக்கும் கண்ணாடி அலமாரியில் பழையதை வைக்கக் கூடாது. கல்லா பக்கத்தில் தனிக் கூடை. அதில் "நேற்றைய பிரெட், டோஸ்ட்டுக்கு நல்லது, 35 ரூபாய்" என்று நேர்மையாக ஒரு அட்டை. இப்படி எழுதுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. அலமாரியில் இருப்பது இன்றையதுதான் என்ற நம்பிக்கை வருகிறது. அமெரிக்காவில் பெரிய பிரெட் கம்பெனிகள் தேதி நெருங்கிய பிரெட்டுக்கென்றே தனிக் கடைகள் நடத்தியதும் இதே காரணத்துக்காகத்தான்.

மூன்றாவது, வேறு உபயோகம். ஒரு நாள் ஆன பிரெட் கொஞ்சம் இறுகும். சாண்ட்விச்சுக்கு அது குறை. ஆனால் பிரெட் ஆம்லெட்டுக்கு அதுவே வசதி. முட்டையில் முக்கினால் பிய்ந்து போகாது. பக்கத்தில் இருந்த இரண்டு தள்ளுவண்டிக் கடைக்காரர்களிடம் பேசினோம். அவர்கள் இந்த பேக்கரியின் முழு விலைக்காரர்களே இல்லை. அதனால் அவர்கள் வாங்கும் ஒவ்வொன்றும் சுத்த லாபம். பத்து மணிக்கு மேலும் கூடையில் மிஞ்சினால் நேராக அடுப்புக்குப் போய் ரஸ்க் ஆகிவிடும். திரும்ப விலையைக் குறைப்பது கிடையாது.

கேக்குக்கு இதே விதி பொருந்தாது

கேக்கை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ப்ளம் கேக், டீ கேக் போன்றவை ஒரு நாளில் கெடாது, ருசியும் பெரிதாக மாறாது. அதுக்கு மறுநாள் டிஸ்கவுண்டே தேவையில்லை. குறைத்தால் சும்மா காசை விடுகிறீர்கள்.

கப் கேக், ஸ்பாஞ்ச் கேக் துண்டுகள் ஒரு நாளில் காயும். இதைத் தனித்தனியாகக் குறைக்காமல், கலந்து நான்கு போட்டு ஒரே பெட்டியாக விற்கலாம். எது வேண்டும் என்று வாங்குபவர் தேர்ந்தெடுக்க முடியாது. குறிப்பிட்ட கேக்கை ஆசைப்பட்டு வருபவர் முழு விலைக்கே வாங்குவார். 2015-ல் டென்மார்க்கில் தொடங்கிய டூ குட் டு கோ என்ற ஆப் மிஞ்சிய உணவை விற்பது இந்த வழியில்தான். பைக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது.

ஃப்ரெஷ் கிரீம் கேக்கில் மட்டும் விளையாடக் கூடாது. ஃப்ரிட்ஜ் விட்டு வெளியே இருந்தது, ஓரம் உருகியது, புளிப்பு வாசனை வருவது எதையும் எந்த விலைக்கும் விற்கக் கூடாது. அதுக்குத் தீர்வு டிஸ்கவுண்ட் இல்லை, குறைவாகப் போடுவதுதான். அதே மாதிரி, கவரில் உள்ள தேதியை மாற்றி ஸ்டிக்கர் ஒட்டுவதும், தேதி முடிந்ததை விற்பதும் சட்டப்படி தப்பு. இந்தப் பதிவில் சொல்வது எல்லாம் தேதிக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும்.

ஜிஎஸ்டி விஷயம் ஒன்று. பிரெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, கேக்குக்கு உண்டு. உள்ளீட்டு வரிக் கிரெடிட் எடுக்கும் கடையாக இருந்தால், தூக்கிப் போட்ட கேக்குக்கான கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். பில்லிலேயே விலையைக் குறைத்து விற்றால் அந்தத் தொல்லை இல்லை, குறைத்த விலைக்கு மட்டும்தான் வரி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கிரெடிட்டே இல்லை என்பதால் இது பொருந்தாது.

கடைசியில் என்ன ஆச்சு?

இன்னொன்றும் செய்தோம். ஒவ்வொரு கிழமையும் எத்தனை மிஞ்சுகிறது என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னேன். செவ்வாய், புதன்கிழமைகளில்தான் அதிகம் மிஞ்சியது. அந்த நாட்களில் குறைத்ததில், சராசரியாக 100-க்குப் பதில் 92 பிரெட் போட ஆரம்பித்தார்கள்.

இப்போது முழு விலைக்கு 82 போகிறது. மிஞ்சும் 10-ல் 8 பிரெட் மறுநாள் காலை 35 ரூபாய்க்குப் போகிறது, 2 ரஸ்க் ஆகிறது. வரவு 4,100 + 280 = 4,380. செலவு 2,024. மிச்சம் 2,356. ஆஃபர் இல்லாத காலத்தை விட 306 அதிகம், பாதி விலை போர்டு இருந்த காலத்தை விட 556 அதிகம். மாதத்துக்கு 16,680 ரூபாய். ரஸ்க் வரவை இதில் சேர்க்கவே இல்லை.

கவனிக்க வேண்டிய அபாயம் ஒன்று இருக்கிறது. 35 ரூபாய் 22 ரூபாய் செலவை விட அதிகம்தானே என்று, "மிஞ்சினாலும் வித்துடலாம், சேர்த்தே போடு" என்று மனசு சொல்லும். சொன்னபடி செய்தால் கூடை பெரிதாகும். கூடை பெரிதானால் முழு விலைக்காரர்கள் அங்கே நகர்வார்கள். அதனால் பில்லிங்கில் பழைய பிரெட்டுக்குத் தனி ஐட்டம் வைத்து, வாரம் ஒருமுறை மொத்த விற்பனையைப் பார்க்காமல் முழு விலை பிரெட்டின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். அது இறங்கினால் வேலியில் எங்கேயோ ஓட்டை. கூடை ஏழரை மணிக்கே தினமும் காலியானால், ஒன்று அடுப்பில் குறைத்துப் போட வேண்டும், இல்லை விலையை ஐந்து ரூபாய் ஏற்றலாம்.

வாங்கும் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வரி: பழைய பிரெட் வாங்கினால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கே இன்னும் சீக்கிரம் இறுகும். ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்து டோஸ்ட் பண்ணுங்கள்.

அந்த ஐடி நண்பர் போன மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை. அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். உங்கள் வீட்டிலும் பேக்கரியோ, வீட்டில் கேக் போட்டு விற்கும் தொழிலோ இருந்தால், ஆஃபர் போர்டு எழுதும் முன் ஒரு பேப்பரில் இரண்டு நம்பர் எழுதுங்கள்: புதுசா வருபவர் எத்தனை, மாறப்போகிறவர் எத்தனை.