240 பேர் வந்தார்கள், அப்புறம்?

கண் மருத்துவ முகாம் முடிந்த சில வாரங்களில், செலவை ஏற்ற சங்கத்துக்கோ நிறுவனத்துக்கோ ஒரு பக்க அறிக்கை வந்து சேரும். ‘240 பேர் பயனடைந்தனர்’ என்ற வரி மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தில் மிகக் குறைவாகச் செய்தி சொல்லும் வரி அதுதான். விஷயம் அதற்குக் கீழே, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எண்கள் குறையும் இடங்களில் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு முகாமைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை 240 பேர் பெயர் பதிகிறார்கள். இது தலைகளின் எண்ணிக்கையா, மேசைகளின் எண்ணிக்கையா என்பதை முதலில் கேட்க வேண்டும். ஒரே பாட்டி பார்வைப் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை என மூன்று மேசைக்கும் போவார். மேசைவாரியாகக் கூட்டினால் 240 பேர் 720 ஆகிவிடுவார்கள். கண்புரை பெரும்பாலும் முதுமையில் வருவது என்பதால், 50 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதும் தனியாக இருக்க வேண்டும்.

பார்வை மேசையில் ஆறு மீட்டர் தள்ளி அட்டை தொங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, மூன்று கால் நீட்டிய ஆங்கில ‘ஈ’ எழுத்து வெவ்வேறு பக்கம் திரும்பியிருக்கும் அட்டை. கால் எந்தப் பக்கம் நீள்கிறது என்று கையால் காட்டினால் போதும். சரியாகத் தெரியவில்லை என்றால், ஊசித்துளை போட்ட கறுப்பு வில்லையைக் கண்முன் பிடித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். துளை வழியே தெளிவாகத் தெரிந்தால், பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். அப்போதும் மங்கல் என்றால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

நம் முகாமில் 70 பேருக்குக் கண்ணாடி எழுதப்படுகிறது. 38 பேருக்குக் கண்புரை அறுவை தேவை. ஒன்பது பேருக்குக் கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோயோ, சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்போ இருக்கலாம் என்று சந்தேகம். ஒருவருக்கே இரண்டு குறைகள் இருக்கலாம் என்பதால், இந்த எண்களைக் கூட்டி 240-உடன் ஒப்பிடக் கூடாது.

அந்த 38 பேரைத் தொடர்ந்து போவோம். 29 பேர் சம்மதிக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பயம், அல்லது அறுவடை நேரம், அல்லது கூட வர ஆளில்லை. பேருந்தில் ஏறுவது 27 பேர். அவர்களிலும் இருவர், ஒருவர் சர்க்கரை ஏறியிருப்பதாலும் மற்றவர் கண்ணீர்ப் பையில் சீழ் இருப்பதாலும், திருப்பி அனுப்பப்படுகிறார்கள். ஆக, அறுவை நடந்தது 25 பேருக்கு; தேவைப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

இவ்வளவு பேராவது தேறியதற்குக் காரணம், அன்று மாலையே வாசலில் நின்ற பேருந்து. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்களில் பழகிப்போன முறை இது: ஊரில் பரிசோதனை, மருத்துவமனையில் அறுவை, போக வர வண்டி. ‘அடுத்த வாரம் நீங்களே வாங்க’ என்று சொல்லியிருந்தால் பலர் வந்திருக்க மாட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு 25 பேரில் 21 பேர் வருகிறார்கள். அவர்களில் 18 பேருக்கு 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை. அதாவது, குறையில்லாத கண் 18 மீட்டரில் படிப்பதை இவர்கள் ஆறு மீட்டரிலாவது படிக்கிறார்கள். ‘25 பேருக்கு அறுவை வெற்றி’ என்று அறிக்கை எழுதினால் அது சரியல்ல. வராத நால்வரின் கண் எப்படி இருக்கிறதென்று யாரும் பார்க்கவில்லை.

அந்த ஒன்பது பேருக்கு வருவோம். அவர்களுக்குப் பேருந்து இல்லை, கையில் ஒரு பரிந்துரைச் சீட்டு மட்டும்தான். பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது நான்கு பேர். அறிக்கையிலோ ‘ஒன்பது பேர் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டனர்’ என்று வேலை முடிந்த தொனியில் ஒரு வரி இருக்கும். அறுவை நடக்காத 13 பேரைவிட, போய்ச் சேராத இந்த ஐந்து பேரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். கண்புரையை அடுத்த ஆண்டு எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும். கிளாக்கோமா பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையை முதலில் தின்னும். போன பார்வை போனதுதான்.

ஆகவே பணம் கொடுத்தவர்கள் அறிக்கையில் இரண்டு எண்களைக் கேட்டு வாங்க வேண்டும்: பரிந்துரைத்தது எத்தனை, போய்ச் சேர்ந்தது எத்தனை. இரண்டாவது எண் முகாமன்று தெரியாது. மூன்று மாதம் கழித்து, சீட்டு வாங்கியவர்களைத் தொலைபேசியில் அழைத்தால்தான் தெரியும். அடுத்த முகாமுக்குப் பந்தலைச் சற்றுச் சிறிதாகப் போட்டு, மிச்சமாகும் பணத்தில் அந்த ஐந்து பேருக்கும் வண்டி வைக்கலாம்.