வீட்டில் ஜிஆர்இ: தேர்வுக்கு முன் ஓர் ஒத்திகை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வை, 2020இல் கொரோனா பரவிய நாள்முதல் வீட்டிலிருந்தும் எழுத முடிகிறது. கேள்விகளும் மதிப்பெண் முறையும் தேர்வு மையத்தில் உள்ளவைதாம். ஆனால் மையத்தில் கணினி, மின்சாரம், அமைதி ஆகியவற்றுக்கு வேறொருவர் பொறுப்பு. வீட்டில் அந்தப் பொறுப்பு தேர்வு எழுதுபவரையே சேர்கிறது. எங்கோ அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகத் தேர்வு முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம், கணினி தகுதியானதா என்று பார்க்க ஒரு சோதனையை இணையத்தில் வைத்திருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தச் சோதனை, அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட பிறகும் தேர்வு 1 மணி 58 நிமிடம் நீள்கிறது, இடைவேளை கிடையாது. தொடக்கச் சரிபார்ப்புக்கும் நேரம் வேண்டும். ஆகவே அதே கணினியில், அதே அறையில், அதே நேரத்தில் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்ப்பதுதான் பயன் தரும்.

முதலில் கணினி. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பைத் தவிர்ப்பது நல்லது. புதிய மென்பொருளை நிறுவவோ, கண்காணிப்பாளர் திரையைப் பார்க்கவோ அலுவலகத்தின் பாதுகாப்பு ஏற்பாடு தடுக்கக்கூடும். சொந்தக் கணினியிலும் ஜூம், டீம்ஸ், எனிடெஸ்க் போன்றவை பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் தேர்வுச் செயலி அவற்றை மூடச் சொல்லும். மேக் கணினியில் திரைப்பதிவுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்து, செயலியை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

அடுத்தது கேமரா. அறையின் நான்கு பக்கங்களையும் மேசையின் மேற்பரப்பையும் காட்டச் சொல்வார்கள். லேப்டாப் என்றால் அதையே தூக்கிச் சுற்ற வேண்டும். சார்ஜர் வயர் எட்டுமா என்பது ஒத்திகையில்தான் தெரியவரும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் பகலில் முகம் இருண்டு தெரியும். அறையின் கதவு கண்காணிப்பாளர் கண்ணில் படவேண்டும் என்பதால், மேசையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை அந்தக் கதவே முடிவு செய்கிறது.

பலரும் மறந்துவிடுவது எழுதிப்பார்க்கும் தாள். வெறும் தாளுக்கு அனுமதி இல்லை. சிறிய வெள்ளைப் பலகையிலோ, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு தாளின் மீதோ அழிக்கக்கூடிய மார்க்கரால்தான் கணக்குப் போட வேண்டும். முடிவில் அழித்தும் காட்ட வேண்டும். மார்க்கர் எழுத்து தடிமன், இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். பேனாவில் பழகிய கை இதற்குப் பழக ஒருநாள் போதாது. மாதிரித் தேர்வுகளையும் இப்படியே எழுதுவது நல்லது.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் கேட்பது இணைய இணைப்பு. வேகத்தைவிட விட்டுவிட்டு அறுந்துபோவதுதான் தொல்லை. விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதைத் தட்டிவிட்டு, ஒத்திகை முழுவதும் ஓடவிடலாம்:

```
ping -t 8.8.8.8
```

நிறுத்த Ctrl+C. இடையில் Request timed out அல்லது General failure என்று வரிசையாக வந்தால் அந்த நேரத்தில் இணைப்பு போயிருக்கிறது என்று பொருள்.

தேர்வு மாலை 7 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒத்திகையில் 7.40க்கு மின்சாரம் போகிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது, மின்விசிறி இன்வெர்ட்டரில் சுழல்கிறது. ஆனால் திரையில் இரண்டு நிமிடத்துக்கு அந்தப் பிழை வரிகள். காரணம் ரௌட்டர். இன்வெர்ட்டருக்கு மாறும் ஒரு நொடிக்குள் அது அணைந்து, மீண்டும் உயிர்பெற்று, இணைப்பைத் தேடி எடுக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. சில வீடுகளில் ரௌட்டரின் பிளக் இன்வெர்ட்டர் லைனிலேயே இருக்காது. ரௌட்டருக்கென்று கிடைக்கும் சிறிய யுபிஎஸ்ஸை மாட்டி, மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி பார்க்க வேண்டும். பிழை வரிகள் வராவிட்டால் சரி. அப்போதும் வந்தால், தெருவில் உள்ள கேபிள்காரரின் கருவிக்கே மின்சாரம் நின்றிருக்கலாம். அதை வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது, தேர்வு மையத்தை நாடுவதே மேல். லேப்டாப்பை ரௌட்டரோடு லேன் வயரால் இணைத்துவிட்டால், வைஃபையால் வரும் தடுமாற்றமாவது ஒழியும்.

அறையைப் பொறுத்தவரை குக்கர் விசிலோ ஆடி மாத ஒலிபெருக்கியோ கவனத்தைத்தான் கெடுக்கும். ஆள் உள்ளே வருவதுதான் தேர்வையே ரத்தாக்கக்கூடிய ஆபத்து. ஒத்திகையன்று வீட்டார் வழக்கம்போல் நடமாடட்டும், யார் எதற்காகக் கதவைத் திறக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்த அறையில் இருக்கும் பீரோவோ, மருந்து டப்பாவோதான் காரணமாக இருக்கும். தேர்வு நாளில் அவற்றுள் தேவையானதை வெளியே எடுத்து வைத்து, காலிங்பெல்லின் பேட்டரியையும் கழற்றிவிட்டால் கதவைத் தாழிடலாம்.