எடிட் செய்த வீடியோ எங்கே போனது? டைம்லைன் முதல் எக்ஸ்போர்ட் வரை... முதல்முறை எடிட் செய்பவர்களுக்கு ஒரு கைடு!

அப்பா, அம்மாவின் மணிவிழாவை மூன்று நிமிட வீடியோவாக்கி உறவினர்களுக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, சேவ் செய்து, அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்... யாருக்கும் திறக்கவில்லை. ஃபைலின் அளவைப் பார்த்தால் ஒரு எம்.பி கூட இல்லை. அதற்குள், இடம் போதவில்லை என்று ஒரிஜினல் வீடியோக்களையும் அழித்தாகிவிட்டது. இனி அந்த விழாவைத் திரும்பப் பார்க்க முடியாது.

முதல்முறை எடிட் செய்பவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். எடிட்டிங் மென்பொருள் உங்கள் வீடியோவை உண்மையில் வெட்டுவதே இல்லை. 'இந்த ஃபைலில் இங்கிருந்து இதுவரை காட்டு, பிறகு அதைக் காட்டு' என்று குறித்துவைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்கள் சேவ் செய்வது அந்தக் குறிப்பை. சமையல் குறிப்பை அனுப்பினால் யாருக்கும் வயிறு நிறையாது இல்லையா? சமைத்துப் பரிமாறவும் வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால், எடிட்டிங்கில் அடிக்கடி காதில் விழும் ஐந்து வார்த்தைகளும் எளிதில் புரிந்துவிடும். கேடென்லைவ் (Kdenlive) என்ற இலவச மென்பொருளை வைத்து, இதே மணிவிழா வீடியோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் என எதைத் திறந்தாலும் அடிப்படை இதேதான்.

கிளிப்: ஃபைல் அல்ல, ஃபைலின் ஒரு பகுதி

முதல் வேலை, போனில் இருக்கும் வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே ஃபோல்டருக்கு காப்பி செய்வது. பென்டிரைவிலிருந்தோ, மெமரி கார்டிலிருந்தோ நேரடியாகச் சேர்த்தால், அதைக் கழற்றியவுடன் மென்பொருளுக்கு வழி தெரியாமல் போய்விடும்.

மாங்கல்யதாரணத்தை எடுத்த வீடியோ 12 நிமிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது 4:10 முதல் 4:50 வரையிலான 40 விநாடிகள்தான். அந்த 40 விநாடித் துண்டுதான் கிளிப். மீதியை நீக்கினாலும் ஃபோல்டரில் 12 நிமிட வீடியோ அப்படியே இருக்கும். 'இன்னும் கொஞ்சம் முன்னாலிருந்து வேண்டுமே' என்று தோன்றினால், கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். நீக்கிய பகுதி திரும்ப வந்துவிடும். அதே ஃபைலிலிருந்து, பேரப்பிள்ளைகள் காலில் விழுந்து ஆசி வாங்கும் காட்சியை இன்னொரு கிளிப்பாகவும் எடுக்கலாம்.

டைம்லைன்: இடமிருந்து வலமாக ஓடும் நேரம்

திரையின் கீழ்ப்பகுதியில் நீளமாக இருப்பது டைம்லைன். இடது ஓரம் வீடியோவின் தொடக்கம். வலப்பக்கம் போகப்போக நேரம் கூடும். கிளிப்புகளை எந்த வரிசையில் வைக்கிறீர்களோ, அந்த வரிசையில் வீடியோ ஓடும். மேலிருந்து கீழாக நிற்கும் கோடு, இப்போது எந்த நொடியில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே வெற்றிடம் இருந்தால், அந்த நேரத்தில் திரை கறுப்பாகிவிடும். வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து Remove Space கொடுத்தால் சரியாகும். அடுத்து, வீடியோ மூன்று நிமிடத்தில் முடிய, பின்னணிக்குச் சேர்த்த நாதஸ்வர இசை நான்கு நிமிடம் இருந்தால், கடைசி ஒரு நிமிடம் கறுப்புத் திரையில் இசை மட்டும் ஓடும். டைம்லைனின் வலது ஓரம்வரை நகர்த்திப் பார்த்து, மிச்சமிருக்கும் இசையை வெட்டிவிடுங்கள்.

ட்ராக்: ஒன்றின் மேல் ஒன்றாக

டைம்லைனில் படுக்கைவசமாக இருக்கும் வரிசைகள்தான் ட்ராக்குகள். V1, V2 ஆகியவை படத்துக்கு. A1, A2 ஆகியவை சத்தத்துக்கு. ஒரு வீடியோவை இழுத்து வைத்தால், படம் ஒரு ட்ராக்கிலும் சத்தம் இன்னொரு ட்ராக்கிலும் அமரும்.

படத்துக்கு ஒரு விதி: மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். V1-ல் பெரியப்பா வாழ்த்திப் பேசுகிறார். அவர் பழைய நாள்களை நினைவுகூரும் இடத்தில், V2-வில் அப்பா, அம்மாவின் கல்யாண போட்டோவை வைத்தால், திரையில் போட்டோ தெரியும். பெரியப்பாவின் குரல் தொடர்ந்து கேட்கும். போட்டோ முடிந்ததும் அவர் முகம் திரும்ப வரும்.

சத்தம் அப்படியல்ல. ஒன்று இன்னொன்றை மறைக்காது. எல்லாம் கலந்து ஒலிக்கும். A1-ல் பேச்சு, A2-வில் நாதஸ்வரம் என்றால், பேசும் இடத்தில் நாதஸ்வரத்தின் ஒலியைக் குறைத்தால்தான் பேச்சு காதில் விழும்.

ரெண்டர்: குறிப்பைப் படமாக்கும் வேலை

விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால், மூன்று நிமிட வீடியோவில் 5,400 ஃப்ரேம்கள். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் சரியான ஃபைலைத் திறந்து, உரிய ஃப்ரேமை எடுத்து, மேலே போட்டோவையோ எழுத்தையோ வைத்து, நிறத்தை மாற்றி, ஒரு புதிய படமாக உருவாக்க வேண்டும். அந்த வேலைதான் ரெண்டர்.

எடிட் செய்யும்போது நீங்கள் பார்க்கும் பிரிவ்யூவுக்காக, இதை அந்த நொடியிலேயே செய்யப் பார்க்கிறது கம்ப்யூட்டர். கனமான 4K வீடியோவாக இருந்தால் திணறி, படம் விட்டுவிட்டு ஓடும். 'வீடியோ கெட்டுப்போச்சே' என்று பதற வேண்டாம். திணறுவது பிரிவ்யூ மட்டும்தான். கேடென்லைவில் அந்தப் பகுதியை மட்டும் முன்கூட்டியே ரெண்டர் செய்துகொள்ளலாம். Timeline மெனுவில் இதற்கான வசதி இருக்கிறது. டைம்லைனுக்கு மேலே சிவப்பாக இருக்கும் பட்டை, ரெண்டர் ஆனதும் பச்சையாகும். அந்த இடத்தில் எதையாவது மாற்றினால் திரும்பவும் ரெண்டர் செய்ய வேண்டும். இது நீங்கள் பார்ப்பதற்கான தற்காலிக ஏற்பாடு, யாருக்கும் அனுப்புவதற்கல்ல.

எக்ஸ்போர்ட்: கையில் கிடைக்கும் வீடியோ

டைம்லைன் முழுவதையும் ரெண்டர் செய்து, எந்த போனிலும் ஓடும் ஒரே ஃபைலாக எழுதித்தருவதுதான் எக்ஸ்போர்ட். கேடென்லைவில் இந்த வேலைக்கும் Render என்றே பெயர் வைத்திருப்பதால் குழம்ப வேண்டாம். Project மெனுவில் Render-ஐத் திறந்து, MP4-H264/AAC என்பதைத் தேர்ந்தெடுத்து, எந்த ஃபோல்டரில் வர வேண்டும் என்பதைக் காட்டி, Render to File-ஐ அழுத்துங்கள்.

ஃபைல் எவ்வளவு பெரிதாக வரும்? விநாடிக்கு 8 மெகாபிட் என்றால், அது ஒரு எம்.பி. மூன்று நிமிடத்துக்கு 180 விநாடிகள். ஆக, சுமார் 180 எம்.பி. இதைச் சாதாரண வீடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அது சுருக்கி அனுப்பும்; தெளிவு குறையும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாமல் போய்ச்சேரும்.

எப்போது அழிக்கலாம்?

எக்ஸ்போர்ட் ஆன வீடியோவை போனுக்கு மாற்றி, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை ஒரிஜினல்களைத் தொடவே கூடாது. ஃபோல்டரை இடம் மாற்றினாலும், பெயரை மாற்றினாலும், அடுத்தமுறை திறக்கும்போது கிளிப்புகளைக் காணவில்லை என்று கேடென்லைவ் பட்டியல் போடும். ஃபைல்கள் கம்ப்யூட்டரில் வேறு எங்காவது இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சரிசெய்துவிடலாம். அழித்திருந்தால் வழியில்லை.

எக்ஸ்போர்ட் ஆன MP4-ல் படம், எழுத்து, பேச்சு, இசை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. 'என் பேரைத் தப்பா போட்டிருக்கியே' என்று அத்தை போன் செய்தால், அந்த ஒரு எழுத்தைத் திருத்தவும் சேவ் செய்த ப்ராஜெக்ட் ஃபைலும், அதற்குரிய ஒரிஜினல்களும் வேண்டும். எனவே, உறவினர்கள் எல்லோரும் பார்த்து முடிக்கும்வரையாவது அந்த ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்!