ஒன்பதாவது குழு

"பேட்டரியில ஒண்ணும் இல்ல சார். நீங்க ஓட்டுற விதம்தான். எப்பவும் ஸ்போர்ட்ஸ் மோடு, தினமும் நூறு வரைக்கும் சார்ஜ். அப்புறம் எப்படி ரேஞ்ச் கிடைக்கும்?"

மின்சார ஸ்கூட்டர் வாங்கிய பலர் சர்வீஸ் சென்டரில் கேட்டிருக்கக்கூடிய பதில் இது. வாரண்டி முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. முன்பு முழு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 50 தாண்டுவதில்லை. திரையில் 25 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மேம்பாலத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. புது பேட்டரியின் விலையோ வண்டி விலையில் பெரும்பகுதி. இந்த நிலையில் 'யூசேஜ்' என்ற ஒரே சொல் அந்தச் செலவு முழுவதையும் வாங்கியவர் தலையில் கட்டிவிடுகிறது.

அந்தச் சொல் சில நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் உண்மையா இல்லையா என்பது யாருடைய வாய்ச்சொல்லையும் பொறுத்ததல்ல. பேட்டரிக்குள்ளேயே அதற்கான தடயம் இருக்கிறது.

இந்த வாதத்தை முதன்முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரத்தில் நிசான் லீஃப் கார் வாங்கியவர்கள். அந்தக் காரின் 24 கிலோவாட் மணி பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் கிடையாது. பேட்டரி எவ்வளவு மிச்சம் தாங்கும் என்பதை டேஷ்போர்டில் 12 சிறு கட்டங்கள் காட்டும். ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போனால்தான் முதல் கட்டம் அணையும். 2012 கோடையில், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கார்களில் இரண்டு, மூன்று கட்டங்கள் அணைந்துவிட்டன. நிறுவனத்தின் வாரண்டியோ செல் உற்பத்திப் பிழைக்கு மட்டுமே பொறுப்பேற்றது; கொள்ளளவு படிப்படியாகக் குறைவதை அது வெளியே தள்ளியிருந்தது. சில கார்களை வரவழைத்துச் சோதித்த நிசான், அவை பீனிக்ஸின் சராசரியைவிட அதிகம் ஓடியவை, அந்த வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் இப்படித்தான் குறையும் என்றது.

கார்க்காரர்கள் கோபத்தோடு நிற்கவில்லை. எந்தத் தேதியில், எத்தனையாவது மைலில், எந்தக் கட்டம் அணைந்தது என்று ஒவ்வொருவரும் எழுதி வைத்தார்கள். டீலர் கொடுத்த வருடாந்திர பேட்டரி சோதனைத் தாள்களை ஒன்றுசேர்த்தார்கள். ஒரே இரவில் பல கார்களை ஒரே பாதையில் ஓட்டி எது எங்கே நிற்கிறது என்று பார்த்தார்கள். வழக்கும் தொடரப்பட்டது. அந்த வருட முடிவில் நிசான் இறங்கி வந்தது: 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் மிச்சம் ஒன்பது கட்டத்துக்குக் கீழே போனால் பேட்டரியைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம் என்று புதிய உறுதி கொடுத்தது. பீனிக்ஸில் விற்ற காருக்கு பீனிக்ஸ் வெயிலைத் தவறான பயன்பாடு என்று சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். வேலூரிலும் திருச்சியிலும் ஸ்கூட்டர் விற்கும் நிறுவனங்களுக்கும் சித்திரை வெயில் புதிய செய்தியாக இருக்க முடியாது.

இன்றைய வாரண்டிகள் பலவற்றில், இத்தனை வருடத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்பது போன்ற ஒரு வரி இருக்கிறது. அதனால் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது: குறைந்தது யாரால்?

இதற்கு பேட்டரியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் பேட்டரி என்பது ஒரே பொருள் அல்ல. கைவிரல் பருமனுள்ள சிறு செல்கள் பல ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரு குழு. அப்படிப்பட்ட குழுக்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டு ஒரு பேக். நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் வகைப் பேக் ஒன்றில் இப்படி 14 குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு சார்ஜில் ஒவ்வொரு குழுவும் 4.2 வோல்ட், காலியாகும்போது 3 வோல்ட்டுக்கு அருகே. இவற்றைக் கண்காணிப்பது பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை. ஏதாவது ஒரு குழு கீழ் வரம்பைத் தொட்டால் போதும், மற்ற பதின்மூன்றில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒற்றை மாட்டு வண்டியல்ல இது. பதினான்கு மாடுகளில் ஒன்று படுத்தாலும் வண்டி நிற்கும்.

தடயமும் இங்கேதான் இருக்கிறது. ஓட்டுபவரின் பழக்கம் எல்லாக் குழுக்களையும் ஒரே மாதிரிதான் தேய்க்கும். வேகமாக ஓட்டினால் அதே மின்னோட்டம்தான் பதினான்கிலும் பாயும். அடிக்கடி முழு சார்ஜ் போட்டால் பதினான்கும்தான் நிரம்பும். மாதக்கணக்கில் காலியாக நிறுத்தி வைத்தால் எல்லாமே சேர்ந்து கீழே இறங்கும். ஒரே ஒரு குழு மட்டும் மற்றவற்றை விட்டுத் தனியே சரிந்திருந்தால், அந்தக் குழுவின் செல்லிலோ, வெல்டிங்கிலோ, அதைச் சமன்படுத்த வேண்டிய பி.எம்.எஸ்.ஸிலோ கோளாறு இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேக்கின் நடுவே சூடு தேங்குவதால் உள்குழுக்கள் சீக்கிரம் முதுமையடைவதும் உண்டு. அது வடிவமைப்பின் குறை. அதிலும் ஓட்டுபவருக்குப் பங்கில்லை.

ஒரு மாதிரி வண்டியை வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரண்டி 3 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர். வாங்கிய 11-வது மாதம், 9,200 கிலோமீட்டரில், 25 சதவீதம் காட்டும்போது வண்டி நின்றது. சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்து அனுப்பினார்கள். 15-வது மாதம் மறுபடியும் அதே புகார், ரீசெட் செய்தார்கள். 22-வது மாதம், 18,400 கிலோமீட்டரில், பேட்டரி போய்விட்டது, காரணம் யூசேஜ் என்று எழுதிக் கொடுத்தார்கள். முழு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்தால் இதுவரை நடந்தது சுமார் 230 முழுச் சுற்று. இவ்வகைச் செல்கள் பொதுவாகப் பல நூறு சுற்றுகளுக்கு என்றே செய்யப்படுபவை. இத்தனை சுற்றில் ஒரு பேக் தேய்ந்து தீர்ந்தது என்பது நம்பும்படியாக இல்லை.

அடுத்தது குழு வாரியான வோல்ட்டேஜ். சென்டரில் லேப்டாப்பை இணைத்தால் அது திரையில் தெரியும். சார்ஜ் 20 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகு, வண்டியை அரை மணி நேரம் ஓய்வாக விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். முழு சார்ஜில் எல்லாக் குழுவும் ஒத்து நிற்பதுபோல் தோன்றும். பலவீனம் அடிமட்டத்தில்தான் வெளிப்படும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இது இன்னும் முக்கியம். அதன் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், பாதி சார்ஜில் பார்த்தால் பெரிய பலவீனம்கூடக் கண்ணில் படாது.

நம் மாதிரி வண்டியில் பதின்மூன்று குழுக்கள் 3.52 முதல் 3.55 வோல்ட்; ஒன்பதாவது குழு மட்டும் 3.11. ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் அது 3 வோல்ட்டுக்குக் கீழே போகிறது, பி.எம்.எஸ். மின்சாரத்தைத் துண்டிக்கிறது. 25 சதவீதத்தில் வண்டி நின்றதன் காரணம் இதுதான். 11-வது மாதமே இந்த அளவை எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பதினான்கும் ஒரே அளவில் சரிந்திருந்தாலோ, வேறு சார்ஜர் போட்ட பதிவு இருந்தாலோ, வெள்ளத்தில் மூழ்கிய அடையாளம் இருந்தாலோ நிறுவனத்தின் கட்சி வலுவாகும். கடிதம் எழுதுமுன் அதை நேர்மையாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

சென்டரில் கவனிக்க வேண்டியது ஜாப் கார்டு. வண்டி ஓட்டத்தில் நின்றதை 'ரேஞ்ச் குறைவு' என்று சுருக்கி எழுதுவார்கள். சில நேரம் 'ஜெனரல் செக்கப்' என்றே இருக்கும். "ஓட்டத்தில் நின்றது, திரையில் 25 சதவீதம்" என்று வாடிக்கையாளரின் வார்த்தையிலேயே எழுத வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். திரையையும் ஓடோமீட்டரையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துக்கொள்ள வேண்டும். ஆப்பில் இருக்கும் சார்ஜிங் வரலாற்றை மாதா மாதம் சேமிக்க வேண்டும். கணக்கு முடக்கப்பட்டால் அதுவும் போய்விடும். வெளி மெக்கானிக்கிடம் பேக்கைத் திறக்கக் கொடுப்பது பெரிய தவறு. சீல் உடைந்தால் வாரண்டியும் போகும், தடயமும் அழியும். சோதனைக்கு என்று பேக்கை நிறுவனம் கழற்றிக் கொண்டுபோனால் அதன் சீரியல் எண் எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்கக் கூடாது.

கடிதம் டீலருக்கு மட்டும் அல்லாமல், நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் போக வேண்டும். பொருமலுக்கு அதில் இடம் வேண்டாம். அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"எனது வாகனம் இதே குறையோடு மூன்று முறை தங்கள் சர்வீஸ் மையத்துக்கு வந்தது. மூன்று ஜாப் கார்டுகளின் நகலும் இணைப்பில் உள்ளன. முதல் புகார் 9,200 கிலோமீட்டரிலேயே பதிவானது. மூன்றாம் முறை எடுத்த அளவில் ஒன்பதாவது குழு மட்டும் மற்றவற்றைவிட 0.4 வோல்ட் குறைவாக இருந்தது. பயன்பாடே காரணம் என்று தாங்கள் கருதினால், வாரண்டியின் எந்தப் பிரிவை, எந்தத் தேதியில், எந்தச் செயலால் நான் மீறினேன் என்பதைத் தெரிவிக்கவும். வாகனம் வாங்கிய நாள் முதல் உள்ள பி.எம்.எஸ். பதிவுகளை, குழு வாரியான வோல்ட்டேஜ், வெப்பநிலை, சார்ஜ் சுற்று எண்ணிக்கையோடு வழங்கவும். விசாரணை முடியும்வரை பேக்கை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்."

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிறுவனம் தன் பதிவைத் திறந்தாக வேண்டும். தவறான பயன்பாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. பதிவு இருப்பதும் அவர்களிடம்தான். கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே கோப்பில் ஒரு தாளாகிறது. மின்னஞ்சலோடு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி, பெற்றுக்கொண்ட சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும். பதினைந்து நாள் அவகாசம் போதும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டருக்கு நடந்தே அந்த 2 வருடத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

அந்தச் சட்டத்தின் 38-வது பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. சோதிக்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருள் என்றால், ஆணையம் அதை முத்திரையிட்டுத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். அங்கே பேக் திறக்கப்படும்போது ஒவ்வொரு குழுவாக அளப்பார்கள். அதற்காகத்தான் அந்த பேக் மாறாமல் இருக்க வேண்டும். ரசீதில் இருக்கும் சீரியல் எண்ணும் திறக்கப்படும் பேக்கின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.