தாதரில் இறங்குவதா, அந்தேரியில் இறங்குவதா?

மும்பையின் போரிவலியிலிருந்து தாணேக்குச் செல்ல இரு வழிகள் உண்டு. மேற்கு இரயில்வேயில் தாதர் வரை சென்று, நடைமேம்பாலம் ஏறி, மத்திய இரயில்வே வண்டியைப் பிடிப்பது ஒன்று. அந்தேரியிலேயே இறங்கி, மெட்ரோவில் காட்கோபரை அடைந்து, அங்கிருந்து தாணே வண்டியில் ஏறுவது மற்றொன்று. கைப்பேசியிலுள்ள பயணத் திட்டச் செயலி இவற்றுள் ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பதைக் காண்போம்.

செயலிக்கு நகரம் என்பது புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமே. நிறுத்தங்கள் புள்ளிகள், வண்டி ஓடும் பகுதிகள் கோடுகள். நமக்குத் தாதர் ஒரே நிலையம். செயலிக்கோ மேற்குத் தாதர், மத்தியத் தாதர் என இரு புள்ளிகள். இவற்றை இணைப்பது நடைக்கோடு. அதைக் கடக்கத் தேவையான குறைந்தபட்ச நேரம் கால அட்டவணைத் தரவுடன் சேர்த்தே தரப்படுகிறது. `transfers.txt` என்னும் கோப்பில் `min_transfer_time` என்ற பெயரில், நொடிக்கணக்கில் அது இருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நேரங்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. 9.00 மணிக்குப் புறப்படும் விரைவு வண்டி 9.35க்குத் தாதரை அடைகிறது. நடைக்கு 7 நிமிடம் என்றால் 9.42. எனவே 9.40 வண்டியைச் செயலி கணக்கிலேயே கொள்ளாது, 9.44 வண்டியில் ஏற்றி, 10.15க்குத் தாணேயில் இறக்கும். அதே வண்டியில் அந்தேரியை 9.17க்கு அடைந்து மெட்ரோவுக்கு மாறினால், காட்கோபர் வழியாக 10.13க்கே தாணே சேரலாம்.

இரண்டு நிமிடம் மிச்சம். ஆயினும் செயலி பெரும்பாலும் தாதரையே முதலில் காட்டும். ஒவ்வொரு வண்டி மாற்றத்துக்கும் அது ஒரு தண்டம் விதிப்பதே காரணம். தண்டம் 5 நிமிடம் எனில், ஒரு மாற்றமுள்ள தாதர் வழி 75உடன் 5 சேர்ந்து 80 ஆகிறது. இரு மாற்றங்களுள்ள மெட்ரோ வழி 73உடன் 10 சேர்ந்து 83 ஆகிறது. இந்த ஐந்து நிமிடம் எவரும் உண்மையில் செலவிடும் நேரமன்று. படியேறும் சிரமத்துக்கும் நெரிசலுக்கும் செயலியை வடிவமைத்தவர் இட்ட விலை. இரண்டே நிமிடம் என்று இட்டிருந்தால் இரு வழிகளும் 77 எனச் சமமாகிவிடும். மூட்டையோடு செல்பவருக்கு ஐந்து நிமிடமும் குறைவே என்பது நம் கருத்து. சில செயலிகளில் ‘குறைந்த மாற்றங்கள்’ என்ற தெரிவு உண்டு. அதைத் தொட்டால் இத்தண்டம் கூடுகிறது எனக் கொள்ளலாம்.

அட்டவணையை மட்டுமே நம்பும் செயலிக்குத் தாமதம் தெரியாது. போரிவலி வண்டி மூன்று நிமிடம் பிந்தினால், மேம்பாலத்தைக் கடக்கும்போது 9.45 ஆகிவிடும், 9.44 வண்டி போயிருக்கும். ஆகவே செயலி காட்டும் மொத்த நேரத்தை மட்டும் பாராமல், இறங்கும் நேரத்துக்கும் அடுத்து ஏறும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியில் நடைநேரம் போக எவ்வளவு எஞ்சுகிறது என்று பாருங்கள். இங்கே எஞ்சுவது இரண்டே நிமிடம்.