பையில் எழுதியிருப்பது ஒன்று, தொட்டியில் நடப்பது ஒன்று

இறைச்சிக் கடையிலும் பழக்கடையிலும் இப்போது வெளிர்பச்சைப் பை ஒன்று தருகிறார்கள். தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழவழப்பாக இருக்கும். 'நான் பிளாஸ்டிக் அல்ல' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர் அதை நம்பி, காய்கறிக் கழிவோடு உரத்தொட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். சில மாதம் கழித்துக் கொட்டிப் பார்த்தால் வாழைப்பழத்தோல் கறுப்பு உரமாகியிருக்கும். பை மட்டும் கிழிந்த பையாகக் கிடக்கும்.

உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டியதில்லை. பை அசலாகவே இருக்கலாம். ஆனால் அது தேர்வு எழுதிய இடம் உங்கள் தொட்டி அல்ல.

இந்தியாவில் 'கம்போஸ்டபிள்' என்று போட்டுப் பை விற்க, தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கான தரநிலை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088. அதன்படி பையின் துண்டுகளை முதிர்ந்த உரத்தோடு கலந்து, ஈரமும் காற்றும் குறையாமல் 58 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். 180 நாளுக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதமாவது கரியமில வாயுவாக மாற வேண்டும். தவிர, உரமாக்கும் சூழலில் 12 வாரம் வைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. பெரிய உர ஆலையில் மலைபோல் குவித்த கழிவு தானாகவே சூடேறி இந்த வெப்பத்தில் வாரக்கணக்கில் நிற்கும். தேர்வு அந்த ஆலையை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

வீட்டுத் தொட்டி அப்படிச் சூடேறாது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சூட்டைப் பிடித்துவைக்கக் குவியல் ஏறக்குறைய ஒரு கனமீட்டராவது இருக்க வேண்டும். இருபது, ஐம்பது லிட்டர் வாளியில் சூடு பக்கவாட்டில் கசிந்துவிடும். சென்னையின் மே மாத வெயில் போதாதா என்று கேட்கலாம். வெயில் டிரம்மின் சுவரைச் சுடும், உள்ளிருக்கும் ஈரத்தையும் உலர்த்திவிடும். இரவில் அந்தச் சூடும் இறங்கிவிடும்.

சூடு ஏன் அவ்வளவு முக்கியம்? மக்காச்சோள மாவுச்சத்திலிருந்தும் கரும்புச் சர்க்கரையிலிருந்தும் செய்யும் பிஎல்ஏ என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். முதலில் நீர் அவற்றைத் துண்டாக்க வேண்டும். துண்டான பிறகுதான் நுண்ணுயிர்கள் தின்ன முடியும். 55, 60 டிகிரியை எட்டும்வரை அந்தச் சங்கிலிகள் விறைத்தே நிற்பதால் நீரின் வேலை ஆமை வேகத்தில்தான் நடக்கும். பிஎல்ஏ தம்ளரும் மூடியும் வீட்டுத் தொட்டியில் வருடக்கணக்கில் உருமாறாமல் கிடப்பது இதனால்தான்.

பச்சைப் பை பெரும்பாலும் கலவை: மாவுச்சத்து, பிஎல்ஏ, பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி. இதில் மாவுச்சத்து முதலில் கரைந்துபோகும். மீதி ஓட்டையும் ஒடிசலுமாகச் செதில் செதிலாகி உரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பை மக்கிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

'பயோடிகிரேடபிள்' என்று மட்டும் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எங்கே, எத்தனை நாளில் என்று சொல்லாத வாக்குறுதி அது. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட பையை மண்ணில் புதைத்து, மூன்றாண்டு கழித்துத் தோண்டியெடுத்தார்கள். கடைச் சாமான்களை அதில் அப்போதும் தூக்க முடிந்தது. சாதாரண பாலிதீனில் ரசாயனம் சேர்த்து, நொறுங்கும்படி செய்யும் 'ஆக்சோ' வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடைசெய்துவிட்டது. அது சிதறுகிறதே ஒழிய மக்குவதில்லை.

20 முதல் 30 டிகிரியில், ஓராண்டுக்குள் மக்குமா என்று சோதித்து 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' முத்திரை தருவதும் உண்டு. வீட்டுத் தொட்டிக்கு ஓரளவாவது பொருந்துவது இதுதான். ஆனால் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பொதுமக்களைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் மக்கும் எனச் சான்று பெற்ற பொருள்களிலேயே 60 சதவீதம் முழுமையாகச் சிதையவில்லை.

பையைப் புரட்டி தயாரிப்பாளர் பெயரையும் சான்றிதழ் எண்ணையும் தேடுங்கள். இரண்டையும் அச்சிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. விரல்நகம் அளவு துண்டை வெட்டி, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த நீரில் குமிழி ஒட்டாமல் அழுத்தி விடுங்கள். மிதந்தால் அநேகமாகப் பாலிதீன், போலி என்று சந்தேகிக்கலாம். மூழ்கினால் அசல் என்று அர்த்தமில்லை. சுண்ணாம்புத் தூள் கலந்த பாலிதீனும் மூழ்கும்.

அசலோ போலியோ, இந்தப் பைகளை வீட்டுத் தொட்டியில் போடாதீர்கள். பழைய பிளாஸ்டிக் வாங்குபவரிடமும் தராதீர்கள், அவர் உருக்கும் பாலிதீனின் தரம் கெடும். ஏற்கெனவே போட்டிருந்தால், செடிக்கு இடும் முன் உரத்தைச் சலித்துச் செதில்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கழிவு வாளிக்கு அடியில் விரிக்கப் பழைய செய்தித்தாள் போதும்.