'பர்ச்சேஸுக்கு அனுப்பிடுங்க தம்பி!'

அரைமணி நேரம் டெமோ காட்டியிருப்பீங்க. எதிர்ல உட்கார்ந்த சார் நாலு கேள்வி கேட்டு, ரெண்டு தடவை தலையாட்டி, டீயும் வாங்கிக் கொடுத்திருப்பார். ஆர்டர் கையில வந்த மாதிரியே இருக்கும். அப்பத்தான் அந்த டயலாக் வரும்... "நல்லா இருக்கு தம்பி. இதை நம்ம பர்ச்சேஸுக்கு அனுப்பிடுங்க!"

உடனே என்ன செய்வீங்க? டெமோவுக்குக் கொண்டுபோன அதே பன்னிரண்டு பக்க பி.டி.எஃப்.பை பர்ச்சேஸ் மெயில் ஐ.டி-க்கு ஃபார்வர்டு பண்ணிட்டு, பார்ட்டி எங்கன்னு பிளான் போடுவீங்க. எங்க சீனியர்கள் ரெண்டு பேரும் அதைத்தான் செஞ்சாங்க. மூணு வாரம் பதிலே இல்லை!

படிப்பு முடிச்ச கையோட கோவையில சின்னதா கம்பெனி ஆரம்பிச்சவங்க அவங்க. ஏர் கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் நிஜமா காத்தை அழுத்துது, எவ்வளவு நேரம் லோடு இல்லாம சும்மா ஓடி கரன்ட்டைத் தின்னுதுன்னு பதிவு செய்யற ஒரு குட்டி டப்பாதான் அவங்க சரக்கு. ஒரு ஸ்பின்னிங் மில்லுல நாலு கம்ப்ரஸர். ஒரு டப்பா 14,000 ரூபாய். நாலுக்கு 56,000. 18 சதவிகித ஜி.எஸ்.டி. 10,080 சேர்த்தா 66,080 ரூபாய். மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அப்புறம் ஏன் சத்தமே இல்லை?

பர்ச்சேஸுக்குப் பசிக்காது!

இதுதான் விஷயம். பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் தானா எதையும் விரும்பி வாங்காது. ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட் 'எனக்கு இது வேணும்'னு இண்டென்ட் போடணும். அதுக்கு மேலதிகாரி கையெழுத்து வேணும். அதுக்கப்புறம்தான் பர்ச்சேஸ் நாலு பேருகிட்ட கொட்டேஷன் கேட்கும், விலை பேசும், பி.ஓ. போடும். இண்டென்ட் இல்லாம போற கொட்டேஷன், பந்தி போடாத மண்டபத்துக்குச் சாப்பிடப் போன மாதிரி. யாரும் துரத்த மாட்டாங்க... இலையும் விழாது!

சீனியர்கள் அனுப்பின மெயிலுக்கு நடந்ததும் அதுதான். 'யார் கேட்டாங்க இதை?'ன்னு பர்ச்சேஸ்காரர் பார்த்திருப்பார். யாரும் கேட்கலை. அடுத்த மெயிலுக்குப் போயிட்டார்.

முதல் பதில் யாருக்கு?

பர்ச்சேஸுக்கு இல்லீங்க. அனுப்பச் சொன்ன அதே சாருக்கு! அதுவும் அன்னிக்குச் சாயந்திரமே. மெயில் அஞ்சு வரி தாண்டக் கூடாது. இங்கிலீஷ்ல எழுதிக்குங்க, சாரம் இதுதான்:

'சார், நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. கொட்டேஷனை பர்ச்சேஸுக்கு நாளைக்கே அனுப்பிடறோம். எந்த அதிகாரி பேருக்கு அனுப்பட்டும்? உங்க பக்கமிருந்து இண்டென்ட் போட்டாச்சா, இல்லை அதுக்கு எங்ககிட்டயிருந்து ஏதாவது விவரம் வேணுமா? முடிஞ்சா இந்த மெயில்லயே அவரையும் சேர்த்து ஒரு வரி எழுதிடுங்க சார்.'

இதுல இருக்கறது மூணே கேள்வி. பேர், இண்டென்ட், அறிமுகம். இதுக்கு வர்ற பதில்லயே அவர் மனசு தெரிஞ்சுடும்.

பேர் சொல்லி, 'இண்டென்ட்டுக்கு ஸ்பெக் அனுப்புங்க'ன்னு கேட்டா, நிஜமாவே வாங்கற எண்ணம் இருக்கு. 'எலெக்ட்ரிகல் ஹெட் பார்த்து ஓகே சொல்லணும்'னா, முடிவெடுக்கற ஆள் வேற. உங்க அடுத்த டெமோ அவருக்குத்தான், கொட்டேஷனுக்கு இன்னும் நேரம் வரலை. 'அங்க பொதுவா ஒரு ஐ.டி. இருக்கும், அதுக்குப் போட்டு விடுங்க'ன்னா... பெரும்பாலும் அது நாசூக்கா சொன்ன 'வேண்டாம்'. அப்ப வெட்கப்படாம கேட்டுடுங்க: "சார், இந்த வருஷம் இது தேவைப்படாதுன்னா சொல்லிடுங்க, தொந்தரவு பண்ண மாட்டோம்." நேரடி 'இல்லை' கிடைச்சா உங்களுக்கு ரெண்டு மாசம் மிச்சம்!

பர்ச்சேஸ்காரருக்கு வேற மெயில்

கம்ப்ரஸர் எப்படிக் கரன்ட் தின்னுதுங்கற கதை அவருக்குத் தேவையில்லை. 'யார் கேட்டது, எவ்வளவு, எப்ப வரும், கெட்டுப்போனா யார் பொறுப்பு, உங்களை எப்படி சிஸ்டத்துல சேர்க்கறது' - இவ்வளவுதான் அவர் கவலை. அதனால முதல் வரியிலேயே, 'மெயின்டனன்ஸ் மேனேஜர் சொன்னபடி, நாலு கம்ப்ரஸருக்கான கொட்டேஷன்'னு போடுங்க. இண்டென்ட் நம்பர் தெரிஞ்சா அதையும் சேருங்க. அந்த மேனேஜரை சி.சி-யில வெச்சுக்குங்க.

கொட்டேஷன் ஒரே பக்கம். விலை, ஜி.எஸ்.டி. தனியா, எச்.எஸ்.என். கோடு, டெலிவரி நாள், வாரன்ட்டி, பேமென்ட் கண்டிஷன், விலை எந்தத் தேதி வரை செல்லும்ங்கறது. கூடவே, புது சப்ளையரா உங்களைப் பதிவு பண்ண ஜி.எஸ்.டி. சான்றிதழ், பான், கேன்சல் பண்ணின செக், இருந்தா உத்யம் சான்றிதழ். இதையெல்லாம் அவர் கேட்ட பிறகு ஒண்ணொண்ணா அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் போயிடும்.

மூணு கொட்டேஷன் ஆபத்து

பர்ச்சேஸ் வேற ரெண்டு பேருகிட்டயும் விலை கேட்கும். அது அவங்க வேலை, கோபப்படாதீங்க. ஆனா இண்டென்ட்ல வெறும் 'ஹவர் மீட்டர் - 4'ன்னு இருந்தா கதை முடிஞ்சது. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு மட்டும் காட்டற சாதா மீட்டர் உங்க விலையில கால்வாசிக்கும் கீழ கிடைக்கும். ஆனா லோடு நேரத்தையும் சும்மா ஓடற நேரத்தையும் அது பிரிச்சுக் காட்டாது. மேனேஜருக்குப் பிடிச்ச விஷயமே அதுதானே?

அதனால ஸ்பெக் கேட்டா ரெண்டே வரி எழுதிக் கொடுங்க: லோடு நேரம், சும்மா ஓடற நேரம் ரெண்டையும் தனித்தனியா பதியணும், கரன்ட் போனாலும் பழைய பதிவு அழியக் கூடாது. உங்க பிராண்டு பேரை அதுல நுழைக்காதீங்க. தேவையை எழுதினா நியாயம், உங்களைத் தவிர யாருமே வர முடியாதபடி எழுதினா பர்ச்சேஸ் சந்தேகப்படும்.

இன்னொண்ணு... பர்ச்சேஸ் பேரைக் கேட்ட பதற்றத்துல, கேட்காமலே பத்து சதவிகிதம் குறைச்சு அனுப்பாதீங்க. விலை பேசறது அவர் டூட்டி. நீங்க முதல்லயே குறைச்சாலும் அங்கிருந்து மறுபடி குறைப்பார்!

எத்தனை நாள் காத்திருக்கறது?

நாலு வேலை நாள் கழிச்சு பர்ச்சேஸுக்கு ஒரு போன்: "சார், பேப்பர்ல ஏதாவது விட்டுப்போச்சா?" ஒரு வாரமாகியும் அசையலைன்னா மேனேஜருக்கு: "சார், இண்டென்ட் கையெழுத்தாயிடுச்சா?" பெரும்பாலும் அங்கதான் ஃபைல் தூங்கும். ஆனா 'இனிமே எல்லாத்தையும் எங்ககிட்டயே பேசுங்க'ன்னு பர்ச்சேஸ் சொல்லிட்டா, கேட்டுக்குங்க. முதுகுக்குப் பின்னாடி மேனேஜரைப் பிடிச்சா, இந்த ஆர்டர் மட்டுமில்லை, அடுத்ததும் போயிடும். அரசு டெண்டர்னா இந்த விஷயத்துல ரெட்டை ஜாக்கிரதை வேணும்.

சரி, சீனியர்கள் கதை? நாலாவது வாரம் மேனேஜருக்கு அந்த அஞ்சு வரி மெயிலைப் போட்டாங்க. பத்து நிமிஷத்துல போன்: "அட, நான் இண்டென்ட்டே போடலையேப்பா... நீங்க பர்ச்சேஸ்ல பேசிக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன்!"

அடுத்த வாரம் இண்டென்ட் போச்சு. மூணு கொட்டேஷன் வந்துச்சு. பர்ச்சேஸ்காரர் பேசிப் பேசி டப்பாவுக்கு 500 ரூபாய் குறைச்சார். பி.ஓ-வுல இருந்த தொகை 54,000, வரி தனி. மூணு வாரமா மில்லுல யாரும் மறுக்கலை... யாரும் கேட்கவும் இல்லை. அவ்வளவுதான்!